கணிதத்தில் 35: இரண்டாம் தாளில் எத்தனை புள்ளி வேண்டும்?

கேள்வி: எனது மகன் சென்ற முறை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் மட்டும் டபிள்யூ எடுத்தான். மற்ற எட்டுப் பாடங்களும் சித்தி. நான்கில் திறமைச் சித்தி. இந்த முறை கணிதத்தைத் திரும்ப எழுதுகிறான். கல்வி நிலையத்தில் வைத்த மாதிரிப் பரீட்சையில் முதலாம் தாளில் 44, இரண்டாம் தாளில் 19 எடுத்திருக்கிறான். இரண்டு தாளிலும் தனித்தனியே 35 எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார். இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள் என்று இன்னொருவர் சொல்கிறார். தமிழ்நாட்டு முகாமில் படித்துவிட்டு ஊர் திரும்பிய என் தம்பி, 'ஒன்றிரண்டு குறைந்தால் கருணைப் புள்ளி போட்டுத் தூக்கி விடுவார்கள், பயப்படாதே அக்கா' என்கிறான். இரண்டாம் தாளில் அவன் எத்தனை எடுத்தால் போதும்? இரண்டு விடைத்தாள்களின் பிரதிகளையும் இணைத்திருக்கிறேன்.
- ஒரு தாய், ஒட்டுசுட்டான்

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்ட எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன்: 26. முதலாம் தாளில் அதே 44ஐ எடுத்தால், இரண்டாம் தாளில் 26 எடுத்தால் சாதாரண சித்தி. ஆனால் பிரதிகளைப் பார்த்த பிறகு, இரண்டாம் தாளை மட்டும் குறிவைப்பது சரியான வழி அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கணக்கு இதுதான். கணிதத்தில் முதலாம் தாளுக்கு 100, இரண்டாம் தாளுக்கு 100. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து வருவதே இறுதிப் புள்ளி. சாதாரண சித்திக்கு அந்த இறுதிப் புள்ளி 35 ஆக இருக்க வேண்டும். அதாவது இரண்டு தாளும் சேர்ந்து 200க்கு 70. தாளுக்குத் தனித்தனியே 35 என்று எல்லை கிடையாது. ஒரு தாளில் 50 எடுத்தவருக்கு மற்றதில் 20 போதும். ஆகவே முதலாம் தாளின் புள்ளியை 70இலிருந்து கழித்தால் இரண்டாம் தாளில் எத்தனை வேண்டும் என்பது வந்துவிடும். திறமைச் சித்தியின் எல்லை 50 என்பதால் அதற்கு 100இலிருந்து கழிக்க வேண்டும். அதற்காக ஒரு தாளுக்குப் போகாமலே விடலாம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு தாளுக்கும் தோற்றியே ஆக வேண்டும்.

உங்கள் மகனுக்கு 44உம் 19உம் சேர்ந்து 63. இரண்டால் வகுத்தால் 31.5. குறைவது இறுதிப் புள்ளியில் மூன்றரைதான், ஆனால் தாளில் அவன் தேடிப் பிடிக்க வேண்டியது ஏழு புள்ளி. இந்த இரட்டிப்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். '31 எடுத்துவிட்டான், இன்னும் நாலு புள்ளிதானே' என்று வீட்டில் பேசுவார்கள். அந்த நாலு என்பது விடைத்தாளில் எட்டு. கூட்டுத்தொகை 69 வந்தால் 34.5, அதை 35 ஆக எடுத்துவிடுவார்கள் என்று அரைப் புள்ளியை நம்பியும் இருக்க வேண்டாம். 70ஐத் தாண்டித்தான் திட்டம் போட வேண்டும்.

இந்தக் கழித்தல் கணிதத்துக்கு மட்டும் பொருந்தும். விஞ்ஞானத்தில் முதலாம் தாள் 40 பல்தேர்வு வினாக்கள் கொண்டது. அங்கே இரண்டு தாளும் சரிபாதி அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விஞ்ஞானம் பார்க்கும்போது இதே கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் தம்பியின் பேச்சுக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை, ஊரைத்தான் மாற்றிச் சொல்கிறார். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பிலும் பாடத்துக்கு 35தான் எல்லை என்பதால், இரண்டு நாட்டு விதிகளும் ஒன்றென்று நினைக்கத் தோன்றும். இந்தியாவில் கருணைப் புள்ளி என்பது பெயரோடு இருக்கிற ஏற்பாடு. அங்கே மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், கடினமான வினாத்தாளுக்காக எல்லோருக்கும் புள்ளி கூட்டும் வழக்கத்தை 2017இல் நிறுத்தப் பார்த்தது. அந்த ஆண்டு நிறுத்தக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அப்போதுகூட, மயிரிழையில் தவறுகிறவர்களுக்கான கருணைப் புள்ளியை வாரியம் கைவிடவில்லை. இதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இங்கும் அப்படித்தான் என்று தோன்றுவது இயல்பு.

நமது சாதாரண தரத்தில் பரீட்சார்த்தி நம்பியிருக்கத்தக்க அப்படி ஒரு விதி இல்லை. விடைத்தாளில் பெயர் இராது, சுட்டெண் மட்டுமே இருக்கும். அதைத் திருத்துகிறவருக்கு உங்கள் மகன் மற்ற எட்டுப் பாடங்களிலும் சித்தியடைந்தவன் என்று தெரியாது. இந்த ஒரு பாடத்தில்தான் உயர்தரம் தடைப்பட்டு நிற்கிறது என்றும் தெரியாது. தமிழில் எடுத்த திறமைச் சித்தியிலிருந்து நாலு புள்ளியைக் கணிதத்துக்கு மாற்றவும் முடியாது. உயர்தரத்துக்குச் செல்ல, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும். திறமைச் சித்திகள் உங்கள் மகனிடம் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. கணிதத்தில் ஒரு சாதாரண சித்தி கிடைத்தால் போதும்.

இலங்கையில் எல்லோருக்கும் இலவசமாகப் புள்ளி கொடுத்ததே இல்லையா என்றால், கொடுத்திருக்கிறார்கள். 2024இல் நடந்த ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில், முதலாம் தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன என்பது பெரிய வழக்காகி உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த மூன்று வினாக்களுக்கும் தோற்றிய பிள்ளைகள் அனைவருக்கும் முழுப் புள்ளி வழங்க வேண்டும் என்று அந்த ஆண்டின் கடைசி நாளில் தீர்ப்பு வந்தது. கவனித்துப் பாருங்கள்: அது ஒரு பிள்ளைக்குக் குறைந்ததை நிரப்பியது அல்ல. குறை வினாத்தாளின் பக்கம் இருந்ததால் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்தது. ஒருவர் 33இல் நிற்கிறார் என்பதற்காகக் கிடைக்கும் புள்ளி வேறு, இது வேறு.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வளர்கிறது என்று எனக்குத் தெரியும், அதில் எனக்கும் பங்கு உண்டு. நான் முன்பு படிப்பித்த ஒரு பாடசாலையில் தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிகளைப் பதியும்போது 32, 33 என்று நின்ற பிள்ளைகளை 35 ஆக்கி விடுவோம். பெற்றோர் கூட்டத்தில் முகம் சுளிக்க வேண்டாமே என்பதுதான் காரணம். தேர்ச்சி அறிக்கையில் மூன்று தவணையும் 35 என்று பார்த்த பிள்ளை, தான் கரையில் நிற்கிறேன் என்று நம்பிவிட்டாள். பரீட்சையில் டபிள்யூ வந்தது. அந்த 35 எங்கள் பேனாவில் பிறந்தது என்று அவளிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஆகவே தவணை அறிக்கையில் சரியாக 35 என்று கண்டால் சந்தேகப்படுங்கள். விடைத்தாளை வாங்கி நீங்களே கூட்டிப் பாருங்கள்.

உங்கள் மகனுடைய 44உம் 19உம் அப்படிப் பூசி மெழுகியவை அல்ல. பிரதிகளைப் புள்ளித் திட்டத்தோடு வைத்துப் பார்த்தேன். திருத்தியவர் நேர்மையாகத்தான் போட்டிருக்கிறார்.

முதலாம் தாளை எடுத்துக்கொள்வோம். இரண்டு மணித்தியாலத் தாள். பகுதி ஏயில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பகுதி பியில் ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10. உங்கள் மகனுக்கு ஏயில் 30, பியில் 14. அந்த 30 எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்தேன்: 13 வினாக்கள் முழுச் சரி, நான்கில் பாதிப் புள்ளி, எட்டில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத எட்டில் ஐந்து வெறுமையாகவே கிடக்கின்றன. அவற்றில் ஒன்று மடக்கையை அடுக்கு வடிவில் எழுதச் சொல்கிறது. இன்னொன்று முக்கோணியின் இரண்டு கோணம் தந்து மூன்றாவதைக் கேட்கிறது. இது எட்டாம் தரத்துப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம். அவனுக்குத் தெரியாமல் விட்டான் என்று நான் நம்பவில்லை. கடைசிப் பக்கத்துக்கு அவன் வந்து சேரவேயில்லை. ஏழாம் வினாவில் ஒரு பின்னத்தோடு மல்லுக்கட்டி, ஓரத்தில் நாலு தரம் வெட்டி வெட்டி எழுதியிருக்கிறான். அங்கேதான் நேரம் போயிருக்கிறது, இரண்டு புள்ளிக்காக.

ஏழு புள்ளி தேடுகிறோம் அல்லவா? பாதிப் புள்ளி பெற்ற நான்கு வினாக்களில் இரண்டை முழுமையாக்கினால் 2. வெறுமையாகக் கிடக்கும் ஐந்தில் மூன்றைச் சரியாகச் செய்தால் 6. முதலாம் தாள் 52 ஆகிவிடும். 70இலிருந்து 52 போனால் இரண்டாம் தாளில் 18 போதும். அவன் இப்போதே 19 எடுக்கிறான்! பத்துப் புள்ளி வினா ஒன்றில் ஏழு புள்ளி எடுக்கப் பல வாரப் பயிற்சி வேண்டும். இரண்டு புள்ளி வினாக்களில் அதே அளவைச் சேர்ப்பது எளிது. இரண்டு தாளின் புள்ளிக்கும் மதிப்பு ஒன்றுதான். ஏழாம் வினா போல ஒன்று வழிமறித்தால் மூன்று நிமிடத்தில் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். 25ஐயும் ஒரு தரம் பார்த்து முடித்த பிறகு திரும்பி வரலாம்.

ஆனாலும் 52உம் 19உம் 71தான். பரீட்சை நாளில் ஒரு தலைவலி வந்தால் அந்த ஒரு புள்ளி போய்விடும். இரண்டாம் தாளிலும் பத்துப் புள்ளி கூடுதலாக வைத்திருப்பது நல்லது. அதற்கு அவன் புதிதாகப் பெரிய பாடம் எதையும் படிக்க வேண்டியதில்லை, எழுதும் முறையை மாற்ற வேண்டும்.

இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம், வாசிப்பதற்கு மேலதிகமாகப் பத்து நிமிடம். பகுதி ஏயில் ஆறு வினாக்களில் ஐந்து, பகுதி பியில் ஆறில் ஐந்து. உங்கள் மகன் ஏயில் ஆறையும் தொட்டிருக்கிறான், பியில் மூன்றுதான். ஒரு பகுதியில் ஆறு செய்தாலும் ஐந்துக்குத்தான் புள்ளி. ஆறாவதாக எழுதிய அந்த ஒன்றரைப் பக்கம் வீண். பியில் இரண்டு வினாக்களுக்குரிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. முதல் பத்து நிமிடத்தில் வினாத்தாளில் பென்சிலால் ஏயில் ஐந்துக்கும் பியில் ஐந்துக்கும் புள்ளடி போட்டுவிட்டுத் தொடங்கட்டும். பியில் புதிதாக எடுக்கும் அந்த இரண்டு வினாக்களில் முதல் உபபகுதியை மட்டும் செய்தாலும் தலைக்கு ஒன்று இரண்டு சேரும். ஒரு விருத்தியில் பொது வித்தியாசத்தைக் கண்டு எழுதுவதோ, வென் வரிப்படத்தில் தந்த எண்களைக் குறிப்பதோ அப்படிப்பட்டதுதான்.

இடை காணும் வினாவில் அவனுக்கு நடந்ததைப் பாருங்கள். ஒரு பால் சேகரிப்பு நிலையத்துக்கு 30 நாள்களில் வந்த பாலின் அளவு. வகுப்பாயிடைகள் 20–30, 30–40, 40–50, 50–60, 60–70 லீற்றர். மீடிறன்கள் முறையே 4, 7, 10, 6, 3. நடுப்பெறுமானங்களை 25, 35, 45, 55, 65 என்று சரியாக எழுதியிருக்கிறான். அதற்குப் பிறகு ஒரு கோடு இழுத்து 'இடை = 46' என்று முடித்துவிட்டான். விடை பிழை. பத்தில் இரண்டு கிடைத்திருக்கிறது.

அந்த 46 எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. 45ஐ எடுகொண்ட இடையாக வைத்தால் விலகல்கள் –20, –10, 0, 10, 20. மீடிறனால் பெருக்கினால் –80, –70, 0, 60, 60. கூட்டினால் –30. அதை 30ஆல் வகுத்தால் –1. 45இலிருந்து 1 குறைந்து 44 லீற்றர். அவன் கடைசியில் கழித்தல் குறியை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டியிருக்கிறான். அதாவது முழுக் கணக்கையும் செய்திருக்கிறான், ஆனால் வேறொரு துண்டுக் கடதாசியில்! விலகல் நிரலுக்குப் புள்ளி உண்டு, பெருக்க நிரலுக்கு உண்டு, கூட்டுத்தொகைக்கு உண்டு. இவை எல்லாம் விடைத்தாளில் இருந்திருந்தால் கடைசி அடியில் மட்டும் இழப்பு ஏற்பட்டிருக்கும். விடைத்தாளில் இல்லாத செய்கைக்கு எந்தத் திருத்துநரும் புள்ளி போட முடியாது. நமது பரீட்சையில் கருணை என்று ஒன்று இருக்குமானால் அது இந்தப் படிமுறைப் புள்ளிதான். அதற்கும் படிகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கேத்திரகணித அமைப்பிலும் இதே கதைதான். செங்குத்து இருசமகூறாக்கியை வரைந்துவிட்டு, வில்களை அழிறப்பரால் சுத்தமாக அழித்திருக்கிறான். கோடு மட்டும் நிற்கிறது. அளந்து போட்டதா, கவராயத்தால் அமைத்ததா என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? வில்கள் அப்படியே இருக்க வேண்டும், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. அவனுடைய வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து முடியவும் இல்லை. கவராயத்தில் பென்சில் ஆடுகிறது என்று நினைக்கிறேன். நட்டை இறுக்கிப் பாருங்கள், சரிவராவிட்டால் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இந்த இரண்டு வினாவிலும் எழுதும் முறையைத் திருத்தினாலே ஆறேழு புள்ளி வரும். பியில் வெறுமையாக விட்ட இரண்டில் தலைக்கு இரண்டு என்று வைத்தால் இன்னும் நாலு. இரண்டாம் தாள் 29க்கோ 30க்கோ போகும். முதலாம் தாள் 52 என்றால் கூட்டுத்தொகை 80ஐத் தாண்டும், இறுதிப் புள்ளி 40. முதலாம் தாள் சரிந்து 42க்கு வந்தாலும் 70க்குக் குறையாது.

பெறுபேறு வந்த பிறகு மீள் பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாமா என்ற யோசனை உங்களுக்கு வரக்கூடும். சாதாரண தரப் பெறுபேற்றில் தரம் மட்டுமே தெரியும், புள்ளி தெரியாது. டபிள்யூ என்பது 34ஆகவும் இருக்கலாம், 12ஆகவும் இருக்கலாம். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிப்பதால் பயனில்லை. பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று மாலையே, எந்த வினாவில் எதுவரை எழுதினான் என்பதை ஒரு கொப்பியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கணித ஆசிரியர் ஒருவரைக் கொண்டு அதற்குக் கஞ்சத்தனமாகவே புள்ளி போடச் சொல்லுங்கள். அப்படிப் போட்டும் கூட்டுத்தொகை 80ஐத் தாண்டியிருக்கையில் டபிள்யூ வந்தால், எங்கோ கூட்டல் தவறியிருக்கலாம், விண்ணப்பியுங்கள். அறிவித்தலும் இறுதித் திகதியும் பரீட்சைத் திணைக்களத்தின் doenets.lk தளத்தில் வரும். 65, 68 என்று கணக்கு வந்தால், மீள் பரிசீலனையில் யாராவது இரங்குவார்கள் என்று காசைச் செலவழிக்க வேண்டாம். அங்கும் பார்ப்பது புள்ளித் திட்டத்தைத்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். கணிதம் தள்ளிப்போனாலும் பன்னிரண்டாம் தரத்தின் வாசல் முழுதாக மூடப்படுவதில்லை. 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்துறைப் பாடநெறிக்குச் சாதாரண தரச் சித்தி தேவையில்லை. எல்லாப் பாடசாலைகளிலும் அது இல்லை. உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் கேட்டால் உங்களுக்குக் கிட்டிய பாடசாலையைச் சொல்வார்கள்.

அடுத்த மாதிரித் தாள் எழுதும்போது, முதலாம் தாளை முடித்ததும் அதைத் திருத்தி, 70இலிருந்து கழித்து வரும் எண்ணை இரண்டாம் தாளின் முதல் ஒற்றையின் மூலையில் எழுதிவிட்டுத் தொடங்கட்டும். அந்த இரண்டு விடைத்தாளையும் துண்டுக் கடதாசியோடு சேர்த்து எனக்கு அனுப்பிவையுங்கள். துண்டுக் கடதாசி வெறுமையாக இருந்தால் எனக்கு மகிழ்ச்சி.